முடித்த கடனுக்கு சிபிலில் 1,770 ரூபாய் பாக்கி

*2021 ஆகஸ்ட்டில் ஒரு நிதி நிறுவனத்தில் ₹1,50,000 தனிநபர் கடன் வாங்கினேன். 36 தவணை. ஒரே ஒரு மாதம், 2022 ஜூனில், தவணை தாமதமானது. 2023 மார்ச் 28 அன்று மீதி ₹86,240 மொத்தத்தையும் கட்டி முடித்து என்ஓசியும் வாங்கிவிட்டேன். இப்போது வீட்டுக் கடன் கேட்டுப் போனால் சிபிலில் 'Written-off' என்று வருகிறதாம், ₹1,770 பாக்கியாம். கிளைக்குப் போனேன். "அந்தத் தொகையைக் கட்டிவிடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார்கள். வெளியே ஒருவர் ₹8,000 கொடுத்தால் பத்து நாளில் சிபிலைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது? அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.*
*வாசகி, திருப்பூர்*

முதலில் ஒன்று: அந்த ₹1,770ஐ இப்போது கட்டாதீர்கள். கட்டிவிட்டால் கணக்கு இன்றைய தேதியில் முடிந்ததாகப் பதிவாகும். 2023 ஏப்ரலிலிருந்து இன்றுவரை நீங்கள் பணம் கட்டாமல் இருந்தது உண்மைதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும். பாக்கி பூஜ்யமாகும், ஆனால் தவறிய மாதங்களும், வசூலாகாத கடன் என்று தள்ளி எழுதியதைக் குறிக்கும் 'Written-off' என்ற சொல்லும் அப்படியே நிற்கும். உங்களுக்கு வேண்டியது பாக்கியைத் தீர்ப்பது அல்ல. அப்படி ஒரு பாக்கி இருந்ததே இல்லை என்று பதிவைத் திருத்துவதுதான்.

அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதை அறிக்கையே சொல்கிறது. 1,770ஐ 590ஆல் வகுத்தால் சரியாக மூன்று வருகிறது. தவணை வங்கியில் திரும்பினால் பல நிறுவனங்கள் ₹500 பவுன்ஸ் கட்டணம் வாங்குகின்றன. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி ₹90 சேர்ந்தால் ₹590. மூன்று முறை திரும்பியிருக்கிறது. நீங்கள் கணக்கை முடித்தது மார்ச் 28. ஏப்ரல் 5 தவணைக்கான நாச் உத்தரவை, நாம் ஈசிஎஸ் என்று சொல்வதை, நிறுவனம் நிறுத்தாமல் விட்டிருக்க வேண்டும். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் உங்கள் பழைய சேமிப்புக் கணக்கில் பணம் கேட்டு, இல்லாமல் திரும்பி, ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணம் ஏறியிருக்கிறது. நீங்கள் கட்டிய பணம் வரவில் இருக்கும், ஆனால் கணக்கை 'முடிந்தது' என்று குறிக்கும் வேலை நடக்கவில்லை. கிளையில் என்ஓசி அச்சிடுவதும் கணினியில் கணக்கை மூடுவதும் பல நிறுவனங்களில் இரண்டு தனி வேலைகள். ஒன்று நடந்து மற்றது விடுபடுவது அடிக்கடி நேர்கிறது.

இதை உறுதி செய்ய அந்தச் சேமிப்புக் கணக்கின் 2023 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான ஸ்டேட்மென்டை எடுங்கள். 5ஆம் தேதியையொட்டி நாச் திரும்பிய குறிப்பும், உங்கள் வங்கி தன் பங்குக்குப் பிடித்த கட்டணமும் இருக்கும். கடன் முடிந்த பிறகு நிறுவனம் பணம் கேட்டது என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி.

அறிக்கையில் இன்னொரு இடத்தையும் பாருங்கள். ஒவ்வொரு கடனுக்கும் 'Date Reported' என்று ஒரு தேதி இருக்கும். கடன் கொடுத்தவர் கடைசியாகத் தகவல் அனுப்பிய நாள் அது. இது கடன் முடித்த தேதிக்கு முந்தையதாக இருந்தால் பதிவு உறைந்துபோயிருக்கிறது என்று பொருள்: முடிந்த தகவல் போகவே இல்லை, அல்லது போய் ஏதோ பிழையால் சிபில் அதை ஏற்கவில்லை. அப்படியானால் ஒருமுறை சரியாக அனுப்பினாலே போதும். உங்கள் அறிக்கையில் அந்தத் தேதி 2023 மார்ச்சுக்கு வெகு பின்னால் இருக்கிறது. நிறுவனம் இன்றும் கணக்கைத் திறந்தே வைத்து, ஒவ்வொரு முறையும் தவறான தகவலைப் புதிதாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. இப்படித் தகவல் அனுப்புவதும் 2025 ஜனவரியிலிருந்து மாதம் ஒருமுறை என்பது குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆகிவிட்டது. ஆகவே சிபிலில் மட்டும் திருத்தி வாங்கினால் பயனில்லை, அடுத்த தகவலில் பழைய பாக்கி திரும்ப வந்து உட்காரும். நிறுவனத்தின் கணக்கேட்டில் முதலில் திருத்தம் நடக்க வேண்டும்.

மாதவாரிக் கட்டங்களில் உள்ள எண்கள் தவணை எத்தனை நாள் தாமதம் என்பதைக் காட்டும். 000 என்றால் தாமதமில்லை. உங்கள் அறிக்கையில் 2022 ஜூனில் 025 இருக்கிறது. அது உண்மை, அதை எதிர்க்க வேண்டாம். உண்மையான தாமதத்தையும் சேர்த்து அழிக்கச் சொன்னால், நிறுவனம் "பதிவு சரியாகவே உள்ளது" என்று முழுப் புகாரையும் ஒரே வரியில் தள்ளிவிட வழி கிடைக்கும். ஒரு மாதத் தாமதம் பல வருடம் கழித்து பெரிய தடையும் அல்ல. நீங்கள் எதிர்க்க வேண்டியது 2023 ஏப்ரலில் தொடங்கும் வரிசையை: 025, 056, 086, 117 என்று ஏறிக்கொண்டே போகிறதே, அதை. ஏப்ரல் 5லிருந்து ஏப்ரல் 30 வரை 25 நாள், மே 31க்கு 56 நாள். இல்லாத ஒரு தவணைக்கு நாள் எண்ணியிருக்கிறார்கள். அக்டோபர் 31க்கு 209 நாள் ஆனபோது கணக்கை 'Written-off' ஆக்கிவிட்டார்கள்.

புகாருக்கு முன் உங்கள் என்ஓசியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 'முழுத் தொகையும் செலுத்தப்பட்டது, பாக்கி இல்லை' என்ற பொருளில் இருந்தால் நல்லது. 'செட்டில்மென்ட்' என்ற சொல் இருந்தால் கவனம் வேண்டும். தள்ளுபடி கொடுத்து ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்ட கடனுக்குத்தான் 'Settled' என்று பதிவாகும், அதைத் தவறு என்று சொல்ல முடியாது. நிறுவனத்திடம் கணக்கு விவரப் பட்டியல் கேளுங்கள், எஸ்ஓஏ என்றால் புரியும். அதில் தள்ளுபடி என்று எந்த வரியும் இல்லாமல் ₹86,240 வரவாகி, அன்று நிலுவை பூஜ்யமாகியிருந்தால் உங்கள் வாதம் உறுதியானது. அதற்குக் கீழே மூன்று பவுன்ஸ் கட்டணமும் தனித்தனி வரியாகத் தெரியும்.

இனி புகார். நிறுவனத்துக்கும் சிபிலுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். சிபிலிடம் மட்டும் கொடுத்தால் அவர்கள் அதை நிறுவனத்துக்கு அனுப்பிக் கேட்பார்கள். நிறுவனம் உறுதி செய்யாமல் சிபில் எந்த எண்ணையும் மாற்றாது. அங்கே இருப்பவர் கணினியைப் பார்த்து "₹1,770 நிலுவை உள்ளது" என்று பதில் போட்டால் புகார் அத்தோடு மூடப்படும். உங்கள் என்ஓசியை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார். அதற்காகத்தான் சான்றுகளோடு நேராக நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். கிளையில் வாய்மொழியாகச் சொன்னதைப் புகாராக எண்ண வேண்டாம். நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரி, நோடல் அதிகாரி என்று மின்னஞ்சல் முகவரி இருக்கும். அதற்கு அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். கடனைச் செயலி வழியாக வாங்கியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அறிக்கையில் செயலியின் பெயர் இருக்காது, பின்னால் பணம் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். புகாரும் அந்த நிறுவனத்துக்கே போக வேண்டும்.

கடிதத்தில் "என் சிபிலைச் சரிசெய்யுங்கள்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி:

> பொருள்: முடிந்த கடன் கணக்கு பற்றித் தவறாக அனுப்பப்பட்ட கடன் தகவலைத் திருத்தக் கோருதல்.
>
> கடன் கணக்கு எண் ______. இக்கடனின் முழு நிலுவை ₹86,240ஐ 28-03-2023 அன்று செலுத்திவிட்டேன் (யுடிஆர் எண் ______). அதற்குத் தாங்கள் வழங்கிய என்ஓசி இணைக்கப்பட்டுள்ளது. அதன் பிறகும் 2023 ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் நாச் உத்தரவு அனுப்பப்பட்டு, திரும்பியதற்கு ₹590 வீதம் ₹1,770 கட்டணம் என் கணக்கில் ஏற்றப்பட்டுள்ளது. கடன் முடிந்த பின் எழுந்த இக்கட்டணம் எனக்குப் பொருந்தாது. அதை ஏற்றப்பட்ட தேதியிலிருந்தே நீக்கிவிட்டு, நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் கீழ்க்கண்டவாறு திருத்தம் அனுப்பக் கோருகிறேன்:
>
> Date Closed: 28-03-2023
> Current Balance: 0
> Amount Overdue: 0
> 'Written-off' என்ற நிலையும் அதற்குரிய தொகையும் நீக்கப்பட வேண்டும்.
> 2023 ஏப்ரல் முதல் காட்டப்படும் தாமத நாட்கள் அனைத்தும் நீக்கப்பட வேண்டும்.
>
> திருத்தம் அனுப்பிய தேதியைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் பதில் தரவும். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கி விதித்துள்ள இழப்பீட்டை வரவு வைக்க என் வங்கிக் கணக்கு விவரம்: ______.

தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தால் இதையே ஆங்கிலத்தில் அனுப்புவது நல்லது, வேலை வேகமாக நடக்கும். இணைக்க வேண்டியவை என்ஓசி, பணம் செலுத்திய ரசீது, பணம் போன நாளின் வங்கி ஸ்டேட்மென்ட், நாச் திரும்பிய மூன்று மாத ஸ்டேட்மென்ட், சிபில் அறிக்கையில் அந்தக் கடன் உள்ள பக்கம், பான் அட்டை நகல். அறிக்கையில் வேறு கடன்கள் இருந்தால் அந்தப் பக்கங்களை அனுப்ப வேண்டியதில்லை.

சிபிலில் புகார் கொடுக்க உங்கள் பெயரில் நீங்களே எடுத்த அறிக்கை வேண்டும். வங்கி காட்டிய நகல் போதாது. அறிக்கையின் தலைப்பில் 'Control Number' என்று ஒரு எண் இருக்கும், புகார் அதோடு இணைத்தே பதிவாகும். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. சிபில் தளத்தில் உள்நுழைந்து 'Dispute Center' போனால் எந்தக் கடன், எந்தக் கட்டம் தவறு என்று குறிக்கலாம். பாக்கி, முடிந்த தேதி, நிலை என ஒவ்வொன்றையும் குறியுங்கள். பாக்கியை மட்டும் குறித்தால் அதை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு முடித்துவிடுவார்கள். இதுவரை சிபில் என்றே சொன்னேன், ஆனால் இந்தியாவில் இத்தகைய கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் நான்குக்கும் தகவல் அனுப்புகின்றன. மற்ற மூன்றின் இலவச அறிக்கையையும் எடுத்து, அதே தவறு இருந்தால் அங்கும் புகார் பதியுங்கள். உங்கள் வீட்டுக் கடன் வங்கி நாளை எதைப் பார்க்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

கால அளவு பற்றி. கடன் தகவல் நிறுவனங்கள் பற்றிய 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேட்ட 30 நாளில் திருத்தம் செய்ய வேண்டும். அதற்குப் பல் வந்தது 2023 அக்டோபர் 26 அன்று ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையால்தான், அது 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 உங்களுக்கு இழப்பீடு. அந்த 30இல் 21 நாள் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு. அதற்குள் திருத்தத்தை அனுப்பாவிட்டால் இழப்பீடு அவர்கள் தலையில். அவர்கள் நேரத்துக்கு அனுப்பியும் சிபில் தாமதித்தால் சிபில் தர வேண்டும். ஜூன் 2 அன்று புகார் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 2 அன்று 30 நாள் முடிகிறது. ஜூலை 25 அன்றுதான் திருத்தம் வந்தது என்றால் 23 நாளுக்கு ₹2,300. புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளுக்குள் அது உங்கள் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். வங்கி விவரத்தைக் கடிதத்திலேயே எழுதச் சொன்னது இதற்காக. தொகை பெரிதல்ல. ஆனால் நாள் எண்ணப்படுகிறது என்று தெரிந்தால் கோப்பு நகரும்.

நிறுவனம் உங்கள் கோரிக்கையை ஏற்காவிட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் விதியே. காரணமில்லாத மறுப்பு வந்தாலோ, 30 நாளாகியும் பதிலே இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் புகார் பதியலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வழியாகக் கொடுக்கவும் கூடாது. அங்கே பல புகார்கள் முதல் படியிலேயே திரும்புவதற்குக் காரணம் ஒன்றுதான்: நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்ததற்குச் சான்று இருக்காது. சிபிலுக்கு மட்டும் எழுதிவிட்டு நிறுவனத்தின் மேல் ஆம்புட்ஸ்மேனிடம் போனால் இதே பதில்தான் வரும். இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் எழுதச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

"திருத்திவிட்டோம்" என்று பதில் வந்ததும் நம்பிவிடாதீர்கள், புது அறிக்கை எடுத்துப் பாருங்கள். அரைகுறைத் திருத்தம் மூன்று விதமாக வரும். பாக்கி 0 ஆகியிருக்கும், ஆனால் 'Written-off' அப்படியே நிற்கும். அல்லது அந்தச் சொல் போய் 'Settled' வந்திருக்கும், வங்கிகள் அதையும் குறையாகவே பார்க்கும். அல்லது பாக்கியும் 'Written-off' என்ற சொல்லும் போய், முடிந்த தேதி இன்றைய தேதியாக இருக்கும், இடைப்பட்ட மாதங்களின் தாமதமும் அப்படியே கிடக்கும். மூன்றில் எது வந்தாலும் அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் முதல் கடிதத்தில் எந்த வரி நிறைவேறவில்லை என்று பதில் எழுதுங்கள். புதுப் புகாராகப் போட்டால் நாள் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். சரியாக வந்துவிட்டாலும் இரண்டு மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள். கணக்கேட்டில் கட்டணத்தை நீக்காமல் சிபிலுக்கு மட்டும் திருத்தம் அனுப்பியிருந்தால் தவறு அதற்குள் திரும்பி வந்திருக்கும்.

₹8,000 கேட்பவர் விஷயம். நீங்கள் இலவசமாகச் செய்யக்கூடிய அதே புகாரைத்தான் அவரும் பதிவார், அவருக்கென்று தனி வழி எதுவும் இல்லை. பெரும்பாலும் உங்கள் உள்நுழைவையும் ஓடிபியையும் கேட்பார்கள். சரியான தாமதங்களையும் சேர்த்து எதிர்த்துவிடுவார்கள். புகார் நடக்கும் சில நாள் அறிக்கையில் அந்தக் கடன் 'Under Dispute' என்று தெரியும். அதைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஓடிபியை ஏற்கனவே கொடுத்திருந்தால் இன்றே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

வீட்டுக் கடனுக்காக இந்த இடைவெளியில் வேறு வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு விசாரணையாக அறிக்கையில் ஏறும், மறுப்பும் ஒவ்வொன்றாகச் சேரும். ஏற்கனவே விண்ணப்பித்த வங்கியிலேயே என்ஓசியையும் புகார் எண்ணையும் எழுத்தில் கொடுத்து, விண்ணப்பத்தை நிராகரிக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அவசரமானால் நிதி நிறுவனத்திடம் ஒரு கடிதம் கேளுங்கள்: கடன் 28-03-2023 அன்று முழுமையாக முடிந்தது, தவறான தகவலுக்குத் திருத்தம் இன்ன தேதியில் அனுப்பப்பட்டது என்று இரண்டே வரி. அந்தக் கடிதம் இருந்தால் சிபில் மதிப்பெண் ஏறும்வரை காத்திருக்காமல் மேலதிகாரி அனுமதியோடு கோப்பை நகர்த்தும் வங்கிகள் உண்டு. கிளை மேலாளரிடம் நேராகக் கேளுங்கள், முகவரிடம் விட்டுவிடாதீர்கள்.